அன்னைக்கு அவர் மூடலை

எங்க அண்ணியைப் பத்திப் பேச்செடுத்தா, சொந்தக்காரங்க எல்லாரும் "பாவம், காது கேக்காது, பேச வராது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பேச வராதாம்! அந்த அம்மா மாதிரி ஒரு வாயாடியை நான் என் ஆயுசுக்கும் பார்த்ததில்லை. என்ன, மத்தவங்களுக்கு வாய் முகத்துல இருக்கும், அவங்களுக்குக் கையில இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. ரெண்டு பேருக்குமே பிறந்ததுல இருந்து காது கேக்காது. அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போறவங்க. வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. உள்ள இந்த ரெண்டு உருப்படியும் நாள் பூரா ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும். பார்த்துக்கிட்டே இருந்ததுல அதுங்களாவே ஒரு பாஷை உண்டாக்கிடுச்சுங்க. பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்ற சைகை பாஷை இல்லைங்க இது. அந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நானே அதுல பாதிதான் கத்துக்கிட்டேன், மீதியை இன்னைக்கும் குத்துமதிப்பாத்தான் புரிஞ்சுக்கறேன்.

அண்ணி பள்ளிக்கூடம் போகலை. தம்பிக்குப் படிக்கிற வயசு வந்தப்பதான் காது கேக்காத பிள்ளைங்களைச் சேர்த்துக்கற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குன்னே வீட்டுக்குத் தெரிஞ்சுது. அவரு எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாரு. இன்னைக்குப் பல் செட் செய்யற பட்டறையில வேலை. மெழுகுல பல்லைச் செதுக்கி, பக்கத்துப் பல்லோட நிறத்துக்கு நிறம் சேர்த்து வைப்பாரு. அண்ணிக்குத் தன் பேர் எழுதத் தெரியும், எண் தெரியும், அதோட சரி. கல்யாணமாகித் தூர தேசத்துக்குப் போனாங்க, புருஷன் செத்துப்போன பிறகும் அங்கயே ஒரு ஓட்டலோட சலவைக்கூடத்துல படுக்கை விரிப்பு தேய்ச்சே காலத்தைத் தள்ளினாங்க. எங்களோட வந்துடுங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. "உன் பொண்டாட்டி சமையலைத் தின்னு நான் சாகவா?"ன்னு கையை ஆட்டிக் கேப்பாங்க. அதை அவரு எனக்கு வரி விடாம மொழிபெயர்த்து வேற சொல்லுவாரு, மனுஷன்!

அவங்க பாஷையில ரெண்டு பேருக்கும் பேர் உண்டு. அண்ணி பேரைச் சொல்லணும்னா இவரு மூக்கு நுனியைக் கிள்ளுவாரு, சின்ன வயசுல அவங்க இவரு மூக்கைக் கிள்ளிக்கிட்டே இருப்பாங்களாம். இவரு பேருக்கு அண்ணி ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக் காட்டுவாங்க. ஏன்னா இவருக்குக் கோபம் வந்தா கண்ணை மூடிக்குவாரு. காது கேக்கற நாம கதவைச் சாத்திக்கறோமே, அது மாதிரி. கண்ணை மூடிட்டா அப்புறம் அவருகிட்ட யாரும் எதையும் சொல்ல முடியாது. அண்ணி எதிர்ல உட்கார்ந்து காத்துக்கிட்டே இருப்பாங்களாம். பொறுத்துப் பார்த்துட்டு, சுட்டு விரலை அவரு இமை மேல வச்சு மெதுவா ஒரு பக்கமா இழுப்பாங்க. "திற"ன்னு அர்த்தம். கடைசியில அந்த விரல் இழுப்பே அவங்க பாஷையில ஒரு வார்த்தை ஆயிடுச்சு. கதவைத் திறன்னாலும் அதுதான், டப்பாவைத் திறன்னாலும் அதுதான்.

லேப்டாப் வாங்கினது அண்ணியோட பேசறதுக்காகத்தான். போன்ல பேசினா சரிப்படலை. நமக்குப் போனைக் காதுல வச்சா வேலை முடிஞ்சுது, அவருக்கு ரெண்டு கையும் வேணுமே? போனை டம்ளர்ல சாய்ச்சு வச்சா பாதிப் பேச்சுல வழுக்கி விழும். லேப்டாப்புன்னா மேஜையில வச்சுட்டு, நாற்காலியைப் பின்னாடி தள்ளிப் போட்டுக்கிட்டு, இடுப்புல இருந்து தலை வரைக்கும் தெரியற மாதிரி உட்காரலாம்.

வாங்கின அன்னைக்கே படம் வரலை. அண்ணி முகம் எங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுது, எங்க பக்கம் வெறும் கறுப்பு. நான் மாடிப்படி இறங்கி, கீழே கடை வச்சிருக்கற கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரைக் கூட்டிட்டு வந்தேன். அவரை நாங்க 'ரீஸ்டார்ட்'னுதான் சொல்லுவோம். எதைக் கொண்டுபோய்க் கேட்டாலும் முதல்ல "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா அக்கா?"ம்பாரு. அன்னைக்கு ரீஸ்டார்ட் கூடப் பண்ணலை. திரைக்கு மேல கேமரா இருக்கற இடத்துல நகத்தை வச்சு ஒரு சின்னத் தடுப்பை ஒரு பக்கமாத் தள்ளினாரு, படம் வந்துடுச்சு. கேமரா நல்லாத்தான் இருக்கு, யாரும் பார்த்துடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் ஒரு மூடி வச்சிருக்கான், அது மூடியிருந்ததால கறுப்பா வந்துச்சுன்னாரு. அந்தப் பக்கம் அண்ணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. விரலைத் தூக்கி ஒரு பக்கமா இழுத்துக் காட்டினாங்க. "திற."

அதுக்கப்புறம் அவரு கண்ணை மூடறதை விட்டுட்டு மூடியை மூட ஆரம்பிச்சாரு. அக்கா மேல கோபம் வந்தா விரலால ஒரு தள்ளு, அந்தப் பக்கம் இருட்டு. ஆனா ஒண்ணு, எழுந்து மட்டும் போக மாட்டாரு. அழைப்பையும் துண்டிக்க மாட்டாரு. மூடிட்டு அங்கயே உட்கார்ந்து அக்கா பேசறதையெல்லாம் ஒண்ணு விடாமப் பார்ப்பாரு. அவங்களுக்கும் அது தெரியும். அதனால அவங்க பாட்டுக்குக் கறுப்புத் திரையைப் பார்த்து ஊர்க்கதை, சலவைக்கூடத்துச் சண்டை, மேஸ்திரியம்மா நடக்கற நடை எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எதுக்கும் இவரு மசியலைன்னா கடைசியா ஒரு வித்தை வச்சிருந்தாங்க. தன் உள்ளங்கையைத் தன் கேமரா மேல வச்சு மூடிடுவாங்க. நீ மூடினா நானும் மூடுவேன்! கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு சட்டுன்னு கையை எடுத்தா, நாக்கைத் துருத்தி, கண்ணைச் சுழட்டி, ஒரு கோணங்கி மூஞ்சி. என் வீட்டுக்காரரு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுக்கிட்டே மூடியைத் திறந்துடுவாரு. அரைக் கிழங்களாயிட்டு இதுங்க பண்ற கூத்தைப் பார்த்து நான் தலையில அடிச்சுக்குவேன்.

போன மழைக்காலத்துல வந்த சண்டை மட்டும் நிஜமான சண்டை. அண்ணிக்கு இதயத்துல கோளாறு. வால்வு பழுதாகி, மாத்தணும்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகியிருக்கு. தம்பிகிட்ட மூச்சு விடலை. அந்தச் சலவைக்கூடத்து மேஸ்திரியம்மாதான் ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி, உங்க நாத்தனார் மாடி ஏற முடியாம உட்கார்ந்துடறாங்க, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. இவருகிட்ட சொன்னேன். மனுஷன் கொதிச்சுப் போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் அண்ணி அழைச்சதும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாரு, "என்கிட்டயா மறைச்சே?" அப்புறம் மூடியைத் தள்ளிட்டாரு.

வாரக்கணக்கா மூடியே இருந்துச்சு. தினம் சாயங்காலம் அண்ணி அழைப்பாங்க, இவரு உட்காருவாரு, இருட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பார்ப்பாரு. அவங்க விளக்கம் சொன்னாங்க, கெஞ்சினாங்க, திட்டினாங்க. நீ பதறிப்போய் வேலையை விட்டுட்டு ஓடி வருவே, அதான் சொல்லலைன்னாங்க. இவரு கண்ணு கலங்கும், ஆனா விரல் மூடிகிட்ட போகாது. திறந்து தொலைங்களேன்னு நான் சண்டையே போட்டேன். திறந்தா அவ ஜெயிச்சுடுவான்னாரு. இது என்ன பந்தயமாங்க? அவங்க வீட்டு ரத்தமே அப்படி, வீம்பு பிடிச்ச ரத்தம்.

அப்புறம் ஒரு காலையில ஆஸ்பத்திரியில இருந்தே தகவல் வந்துச்சு. அண்ணி வேலை செஞ்ச இடத்துலயே மயங்கி விழுந்துட்டாங்க, மறுநாள் காலையில ஆபரேஷன். நாங்க விசாவுக்கு எழுதிப் போட்டோம், அது எப்படியும் வர ஒரு வாரம் ஆகும். தீவிர சிகிச்சைப் பிரிவுல வெளியாள் யாரையும் விட மாட்டாங்களாம், ஆனா நர்ஸ் டேப்லெட்டைப் பிடிச்சுக்குவாங்க, மத்தியானம் கொஞ்ச நேரம் வீடியோவுல பேசலாம்னு ஒரு லிங்க் அனுப்பினாங்க.

அவரு பட்டறைக்குப் போகலை. குளிச்சாரு, ஷேவ் பண்ணாரு, அண்ணி போன வருஷம் அனுப்பின நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டாரு. லேப்டாப்பைத் திறந்தாரு. முதல் வேலையா, என் கண்ணு முன்னாடி, அந்த மூடியைத் தள்ளித் திறந்தாரு. திறந்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. போதுமா, உன் அண்ணியே ஜெயிச்சாச்சுன்னு சிரிச்சாரு. இதை நான் எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். மூடி திறந்துதான் இருந்துச்சு.

லிங்கை அழுத்தினதும் கேமராவுக்கு அனுமதி கேட்டுச்சு, கொடுத்தாரு. அண்ணி வந்துட்டாங்க. மூக்குல ஆக்ஸிஜன் குழாய், கையில ஊசி, முகம் வெளுத்துக் கிடக்கு. ஆனா கண்ணு மட்டும் துறுதுறுன்னு திரையைத் தேடுது. இவரு ரெண்டு கையையும் தூக்கி மூக்கைக் கிள்ளினாரு, நெஞ்சைத் தொட்டாரு, பேச ஆரம்பிச்சுட்டாரு. நான் திரையோட மூலையைப் பார்த்தேன். எங்க படம் வர வேண்டிய சின்னக் கட்டத்துல கறுப்பு.

அவரு தோளைத் தட்டிக் காட்டினேன். மூடியைத் தடவிப் பார்த்தாரு, திறந்திருக்கு. மூடித் திறந்தாரு, மறுபடியும் கறுப்பு. அதுக்குள்ள அண்ணி கையைத் தூக்கினாங்க. ஊசி குத்தின கை. விரலை மெதுவா ஒரு பக்கமா இழுத்தாங்க. "திற."

இவரு எழுந்து நின்னு திறந்துதான் இருக்கு, திறந்துதான் இருக்குன்னு கத்தறாரு. கையால கத்தறாரு, அது எங்க போகும்? நான் என் போன்ல இருந்து அதே லிங்கை அழுத்தினேன். 'காத்திருக்கவும்'னு வந்து நின்னுடுச்சு. லேப்டாப் மைக்குல நர்ஸைக் கூப்பிட்டேன், நல்லவேளை அது வேலை செஞ்சுது, இன்னொரு போன்ல இருந்து வர்றோம், உள்ள விடும்மான்னேன். இது ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவங்க அனுமதிக்கணும், என்கிட்ட இல்லையே, எங்க சொந்த போனையும் உள்ள கொண்டுவர விட மாட்டாங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. ஆபீஸ் நம்பரைச் சொல்லிச்சு. அங்க மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஒரு ஜீவனும் எடுக்கலை. நடுவுல ஓடிப்போய்ப் படிக்கட்டுல நின்னு நான் போட்ட சத்தத்துல ரீஸ்டார்ட் மேலேறி வந்துட்டாரு.

வந்த மனுஷன் ஒரு நிமிஷம் வீணாக்கலை, அதை நான் சொல்லியே ஆகணும். மூடியைப் பார்த்தாரு. நாங்க வழக்கமாப் பேசற ஆப் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்து கேமராவைப் பிடிச்சு வச்சிருக்கான்னு பார்த்து மூடினாரு. லிங்க்ல திறந்த பக்கத்துக்குக் கொடுத்த அனுமதி சரியா இருக்கா, கம்ப்யூட்டரோட செட்டிங்ஸ்ல கேமரா அனுமதி இருக்கான்னு பார்த்தாரு, எல்லாம் சரி. கம்ப்யூட்டர்லயே இருக்கற கேமரா ஆப்பைத் திறந்தாரு. கேமரா எதுவும் இல்லைன்னு அதுவும் சொல்லிச்சு. அப்ப இது மூடியும் இல்லை, அனுமதியும் இல்லைன்னு முணுமுணுத்துக்கிட்டு உள்ள ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தாரு. கேமரா பேர் பக்கத்துல மஞ்சள் முக்கோணம், உள்ள ஆச்சரியக்குறி. காலையில தானா ஓடின அப்டேட்டு பழைய டிரைவரை எடுத்துட்டுப் புதுசைப் போட்டிருக்கு, அது இந்த கேமராவுக்குச் சேரலைன்னாரு. டிரைவராவது கண்டக்டராவது, சீக்கிரம் பண்ணுங்கன்னு எரிஞ்சு விழுந்தேன். கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மொழிபெயர்க்கறது அக்கா அது, அது இல்லைன்னா கேமரா இருக்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதுன்னாரு. பழைய டிரைவரைத் திரும்பப் போட்டாரு. முக்கோணம் அப்படியே நிக்குது. அப்புறம் கையை எடுத்துட்டு சும்மா நின்னாரு.

என்னங்கன்னேன். அவரு திரையில அண்ணியைப் பார்த்தாரு, என் வீட்டுக்காரரைப் பார்த்தாரு. எப்ப பார்த்தாலும் அதையே சொல்ற மனுஷனுக்கு அன்னைக்கு அந்த வார்த்தை வாயில வரலை. எனக்குப் புரிஞ்சுது. ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் கேமரா வரும். பண்ணினா அண்ணி முகம் போயிடும். மறுபடி உள்ள போக அந்த ஆபீஸ்ல யாராவது வந்து விடணும். நான் என் வீட்டுக்காரருகிட்ட சைகையில சொன்னேன். அவரு வேண்டாம்னு தலையாட்டினாரு. அவளைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்னாரு, மேஜை விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு.

நான் நர்ஸ்கிட்ட கெஞ்சினேன், கேமரா கெட்டுப் போச்சுன்னு அவங்களுக்கு எப்படியாவது புரிய வைம்மான்னேன். பாவம், நல்ல பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? டேப்லெட்டைக் காட்டி, கையை விரிச்சு, இல்லைன்னு தலையாட்டிச்சு. வேற எப்படிச் சொல்ல முடியும்? எழுதிக் காட்டினா அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அண்ணி அந்தப் பொண்ணையே பார்த்தாங்க. திரையைப் பார்த்தாங்க. தம்பி மாட்டேங்கறான்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க முகம் விழுந்ததை நாங்க மூணு பேரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

ஆனா சும்மா விடற ஜென்மமா அது? கறுப்பைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சாங்க. கை மேல தூக்க முடியலை, போர்வை மேலயே வச்சுச் சின்னச் சின்னதாப் பேசினாங்க. இங்க விரிப்பெல்லாம் யாரு தேய்க்கறாங்களோ, ஒரே சுருக்கம், வெக்கக்கேடுன்னாங்க. நர்ஸ் மூக்கு அழகா இருக்குன்னாங்க. நீ கோபமாவே இரு, நான் எழுந்து வந்து உன் மூக்கைக் கிள்றேன்னாங்க. என் வீட்டுக்காரரு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கோபம் இல்லை, கோபம் இல்லைன்னு அந்தச் செத்துப்போன கேமரா முன்னாடி அவரு கை ஓயவே இல்லை. நான் அழுதேன். ரீஸ்டார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நேரமாச்சுன்னு நர்ஸ் சொல்லிச்சு. அண்ணி டேப்லெட்டை விடலை. உள்ளங்கையைத் தூக்கி மெதுவாக் கேமரா மேல வச்சாங்க. எங்க திரை இருண்டுச்சு. மூடி மூடின மாதிரிக் கருங்கும்முன்னு இல்லை, வெளிச்சத்தை மறைச்ச கையில்லையா, ஒரு மாதிரி செக்கச்செவேல்னு இருட்டு, விரலிடுக்குல மட்டும் கொஞ்சம் வெள்ளை. என் வீட்டுக்காரருக்கு அழுகையிலயும் சிரிப்பு வந்துடுச்சு. திரைகிட்டக் குனிஞ்சாரு. இப்ப எடுப்பா, இப்ப எடுப்பான்னு எனக்குச் சைகை காட்டறாரு. அந்தக் கோணங்கி மூஞ்சிக்குக் காத்துக்கிட்டு இருக்காரு.

அந்தச் சிவப்பு அப்படியே இருந்துச்சு. அப்புறம் 'அழைப்பு முடிந்தது'ன்னு வந்துச்சு.

ரீஸ்டார்ட் எதுவும் கேக்காமக் கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி போட்டாரு. கேமரா வந்துடுச்சு. சின்ன விளக்கு எரிஞ்சுது, நீலச் சட்டையும் ஈரக் கண்ணுமா என் வீட்டுக்காரரு முகம் திரையில அவ்வளவு தெளிவா நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு மறுபடி பேசினேன். ஆபரேஷனுக்குத் தயார் பண்ணக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நாளைக்கு முழிச்சதும் நல்லாப் பார்த்துப் பேசலாம்னாங்க. சரின்னு அவரு மறுநாள் விடிஞ்சதுல இருந்தே அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டாரு, கேமராவைப் போட்டுக்கிட்டே, விளக்கு எரிய. அண்ணி முழிக்கலை.

துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் ஒரே பல்லவி. அக்காவுக்குத் தெரியாதா, தம்பி மனசு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னாங்க. என்னத்தைப் புரிஞ்சிருக்கும்? புரியலைங்க. தம்பி கோபமா இருக்கான்னு நினைச்சுக்கிட்டேதான் அந்த மகராசி கண்ணை மூடினாங்க. என்னால அதை இனிப்புத் தடவிச் சொல்ல முடியாது. ஒரு நாள் பொறுக்க முடியாம அவருகிட்டயே இதைச் சொல்லிட்டேன். அவரு சொன்னாரு, "கோபம்னு நினைச்சா. ஆனா நான் எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியும்."

விசா கைக்கு வந்து நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அண்ணியைக் குளிர்பெட்டியில வச்சிருந்தாங்க. ஒரு ஊழியர் பெட்டியை இழுத்து, துணியை விலக்கிட்டுத் தள்ளி நின்னாரு. சலவைக்கூடத்துலயே காலமெல்லாம் கிடந்தவங்க, அவங்க மேல போட்டிருந்த துணி தேய்க்காத துணி. என் வீட்டுக்காரரு அதோட சுருக்கத்தை ரெண்டு கையாலயும் நீவி விட்டாரு. அப்புறம் குனிஞ்சு, சுட்டு விரலை அவங்க இமை மேல வச்சு, மெதுவா ஒரு பக்கமா இழுத்தாரு.

கொஞ்ச நேரம் காத்திருந்தாரு. மறுபடி இழுத்தாரு. அந்த ஊழியர் என்னைப் பார்த்து, என்ன பண்றாருன்னு கேட்டாரு. திறக்கச் சொல்றாருன்னேன்.